பாகப் பிரிவினை: கோர்ட்டுப் படியேறும் முன் சமரச மேசை — டெல்டாக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் சொத்து வழக்குக்காக என்னைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் நஞ்சை நிலமும் ஒரு பழைய வீடும் உள்ளவர்கள். வழக்கறிஞராகச் சமரச மையத்தில் கட்சிக்காரர்களோடு உட்கார்ந்த அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். சமரச அறையில் பேசியது வெளியே வரக் கூடாது என்பதால், கீழே வரும் குடும்பம் பல குடும்பங்களைச் சேர்த்து நானே கட்டியது. அதில் உள்ள விலைகளும் கணக்குக்காக வைத்தவைதான்.

அண்ணன் பங்கு தர மறுக்கிறார். நேராகக் கேஸ் போட்டால் என்ன?

போடலாம், உரிமை உண்டு. என்ன நடக்கும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போடுங்கள். பாகப் பிரிவினை வழக்கில் முதலில் வருவது முதல்நிலைத் தீர்ப்பாணை. "உனக்கு ஐந்தில் ஒன்று" என்று மட்டும் அது சொல்லும். எந்த வயல் என்று சொல்லாது. பிறகு இறுதித் தீர்ப்பாணைக்கு ஒரு மனு போட வேண்டும். வழக்கறிஞர் ஆணையர் சர்வேயரோடு வந்து அளந்து அறிக்கை தருவார். அதற்கு ஆட்சேபணை, அதன் மேல் விசாரணை, கடைசியாக நிலத்தைக் கையில் வாங்க நிறைவேற்று மனு. நடுவில் எந்தத் தீர்ப்புக்கும் மேல்முறையீடு உண்டு. உயர் நீதிமன்றம் வரை போனால் தஞ்சாவூர்க்காரர் மதுரைக்கும் திருவாரூர்க்காரர் சென்னைக்கும் பஸ் ஏற வேண்டும்.

நீதிமன்றக் கட்டணமும் இருக்கிறது. சொத்து எல்லோருடைய கூட்டு அனுபவத்தில் இருக்கிறது என்றால் சிறிய, நிலையான கட்டணம்தான். உங்களை அனுபவத்திலிருந்து வெளியேற்றிவிட்டார்கள் என்றால் உங்கள் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம். 2017-க்கு முன் அது ஏழரை சதவீதமாக இருந்தது. 20 லட்சம் மதிப்புள்ள பங்குக்கு 60,000 ரூபாய், வழக்கைத் தாக்கல் செய்யும்போதே.

சமரச மையம், மக்கள் நீதிமன்றம் இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. சமரச மையத்தில் பயிற்சி பெற்ற சமரசர் ஒருவர் பல அமர்வுகள் உட்கார்ந்து பேசுவார். இரு தரப்பையும் சேர்த்தும் பேசுவார், தனித்தனியாகவும் பேசுவார். நீங்கள் தனியறையில் சொன்னதை உங்கள் அனுமதியில்லாமல் எதிர்த்தரப்புக்குச் சொல்ல மாட்டார். பேச்சு முறிந்தால் நீதிமன்றத்துக்கு "முடியவில்லை" என்று மட்டும் எழுதுவார். யார் முரண்டு பிடித்தார்கள் என்று எழுதுவதில்லை. நீதிமன்றத்தோடு இணைந்த இந்த முறை தமிழ்நாட்டில் 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கி மாவட்டங்களுக்குப் பரவியது.

மக்கள் நீதிமன்றம் 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் கீழ் வருவது. ஒரே நாளில் பல வழக்குகள் வரிசையில் இருக்கும். உங்களுக்குக் கிடைக்கிற நேரம் குறைவு. ஆனால் அங்கே பதிவாகும் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஆகவே ஐந்து பேர், மூன்று வயல், ஒரு வீடு என்று சிக்கல் உள்ள குடும்பம் சமரச மையத்தில் பேசி முடித்துவிட்டு, முடிந்ததைத் தீர்ப்பாணையாக்குவதே நல்லது. பேசாமலே மக்கள் நீதிமன்றத்துக்குப் போய் அரை மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்தான் பிறகு என்னிடம் வந்து வருத்தப்படுகிறார்கள்.

நிரந்தர மக்கள் நீதிமன்றம் என்று இன்னொன்று இருக்கிறது. அது மின்சாரம், தபால், காப்பீடு போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கானது. பாகத்துக்கு அங்கே வேலை இல்லை.

இன்னும் கேஸ் போடவில்லை. எங்கே மனு கொடுப்பது? எவ்வளவு செலவாகும்?

தாலுக்கா நீதிமன்ற வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கும். வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், கட்டணம் கிடையாது. யார் யார் வாரிசு, என்னென்ன சர்வே எண், என்ன கேட்கிறீர்கள் என்ற மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். அவர்கள் எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு அனுப்புவார்கள். விவரம் கேட்க 15100 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

பெண்களுக்கு இன்னொரு வசதி. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்ணுக்கு இலவசமாக வழக்கறிஞர் வைத்துத் தர வேண்டும். பங்கு கேட்கிறவர்களில் பெரும்பாலோர் அக்கா தங்கைகள்தான். அவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை.

ஏற்கனவே கேஸ் நடக்கிறது. இப்போது சமரசம் பேசினால் கட்டிய பணம் போய்விடுமா?

திரும்பி வரும். வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பித் தீர்ந்தால் கட்டணத்தைத் திருப்பித் தரத் தமிழ்நாட்டுச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. நீதிமன்றம் அனுப்பாமல் வெளியே தாங்களாகவே பேசி முடித்தவர்களுக்கும் அது பொருந்தும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சமரசக் குறிப்பு தாக்கல் செய்யும்போதே கட்டணத்தைத் திருப்பக் கேட்டு ஒரு வரி சேருங்கள்.

அறிவிப்பு போயும் தம்பி வரவில்லை என்றால்?

ஒன்றும் செய்ய முடியாது. கோப்பு மூடப்படும். வரச் சொல்லலாமே தவிர, இழுத்து வர அதிகாரம் இல்லை. வராதவருக்கு எதிராக ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்புச் சொல்லவும் அதிகாரம் இல்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அண்ணன் நிலத்தை விற்றுவிட்டால்?

சமரசம் நல்லது என்று சொல்கிற நானே இங்கே கேஸ் போடச் சொல்வேன். வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்குகிறவர் அந்த வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர். வழக்கே இல்லாதபோது அந்தப் பாதுகாப்பு இல்லை. சமரச மனு கொடுத்திருக்கிறீர்கள் என்பதால் பத்திரப் பதிவு நிற்காது. பட்டா அண்ணன் பெயரில் மட்டும் இருக்கிறது, தரகர் வந்து போகிறார் என்றால் முதலில் வழக்கைப் போட்டுத் தடை கேளுங்கள். முதல் வாய்தாவிலேயே சமரசத்துக்கு அனுப்பக் கேளுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு அதற்காகத்தான் இருக்கிறது. கட்டணமும் திரும்பக் கிடைக்கும் என்பதால் இழப்பு பெரிதில்லை.

அக்காவுக்குக் கல்யாணத்தில் நகை, சீர் எல்லாம் செய்தாயிற்று. அவரையும் கூப்பிட வேண்டுமா?

கட்டாயம் கூப்பிட வேண்டும். சமரசத்தில் கையெழுத்துப் போடாதவரை அது கட்டுப்படுத்தாது. நான்கு பேர் சேர்ந்து ஐந்தாவது ஆளை விட்டுவிட்டுச் செய்த ஏற்பாடு, அவர் ஒரு வழக்குப் போட்டதும் கலைந்துவிடும். பத்து வருடம் கழித்தும் கலையும். அதற்குள் ஒருவர் தன் பங்கை விற்றிருப்பார், இன்னொருவர் வீடு கட்டியிருப்பார்.

இந்து வாரிசுரிமைச் சட்டம் சுருக்கமாக இதுதான். அப்பா சம்பாதித்து வாங்கிய சொத்து, உயில் இல்லாமல் இறந்தார் என்றால், அம்மா, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. பிதிரார்ஜிதம் என்றாலும் மகள் மகனுக்குச் சமம். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 அன்று மணமாகாமல் இருந்த மகள்களுக்கு அப்போதே அந்த உரிமை வந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மணமான மகளுக்கும் உண்டு. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. சீர் செய்தது பங்கைக் குறைக்காது. மேசையில் பேசும்போது அக்காவே மனம் வைத்து விட்டுக்கொடுக்கலாம், அது வேறு.

இறந்துபோன மகன் இருந்தால் அவர் மனைவி, பிள்ளைகளும் மேசைக்கு வர வேண்டும். அந்தப் பிள்ளைகளில் மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் அவர்கள் சார்பில் சமரசம் செய்ய முடியாது. அனுமதி வாங்காத சமரசத்தை, அந்தப் பிள்ளை மேஜரானதும் ரத்து செய்யக் கேட்கலாம்.

எங்களிடம் 1998-இல் எழுதிய கூர்ச்சீட்டு இருக்கிறது. அது போதாதா?

என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. முன்பே வாய்மொழியாகப் பிரித்து அனுபவித்துவருவதை ஞாபகத்துக்காக எழுதிய சீட்டுக்குப் பதிவு தேவையில்லை. "இன்று முதல் இந்த வயல் உனக்கு" என்று அந்தத் தாளே பிரித்துக்கொடுத்தால் பதிவு வேண்டும். பதிவாகாத அந்தத் தாள் உரிமைக்குச் சாட்சியாகாது.

மகள்களை விட்டுவிட்டு அப்பாவும் மகன்களும் எழுதிக்கொண்ட கூர்ச்சீட்டு என்றால் இன்னும் பலவீனம். 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பாணை மூலமோ நடந்த பிரிவினையைத்தான் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் தொடாமல் விட்டது. வாய்மொழிப் பிரிவினையை, தனித்தனிப் பட்டா, வரி ரசீது போன்ற பொது ஆவணங்கள் தொடர்ந்து காட்டினால் மட்டும், அதுவும் அரிதாக, ஏற்பார்கள். ஆனாலும் அந்தச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். யார் எந்த வயலை இருபது வருடமாக உழுதார் என்று அது காட்டும். மேசையில் அதற்கு மதிப்பு உண்டு.

அமர்வில் உண்மையில் என்ன நடக்கும்? ஒரு குடும்பத்தை வைத்துச் சொல்லுங்கள்.

அம்மா, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். அப்பா 2011-இல் உயில் இல்லாமல் இறந்தார். 15 மா நஞ்சை, அதாவது 5 ஏக்கர். 9 மா வாய்க்கால் தலைப்பில், போர்வெல்லோடு. 6 மா அதற்குக் கீழே; தண்ணீர் மேல் வயல் வழியாகத்தான் பாய வேண்டும். ஊரில் ஒரு ஓட்டு வீடும் கொல்லையும். மூத்தவர் ஊரிலேயே இருந்து அத்தனையும் சாகுபடி செய்கிறார், போர்வெல் அவர் போட்டது. இளையவர் திருப்பூரில். பெரிய மகள் பக்கத்து ஊரில், சின்ன மகள் சென்னையில்.

முதல் அமர்வு முழுக்கச் சொத்து யாருடையது என்பதிலேயே போகும். தாத்தா வழி வந்தது என்றால் பங்குக் கணக்கே மாறும். அப்பாவும் நான்கு பிள்ளைகளும் ஆளுக்கு ஐந்தில் ஒன்று. அப்பாவின் ஐந்தில் ஒன்று அம்மா உட்பட ஐந்து பேருக்குப் பிரியும். பிள்ளைகளுக்கு ஆளுக்கு 25-இல் 6, அம்மாவுக்கு 25-இல் 1. அப்பா தாமே வாங்கியது என்றால் அம்மாவுக்கும் 5-இல் 1. ஒரு தாய்ப் பத்திரம் அம்மாவின் பங்கை ஐந்து மடங்காக்குகிறது. அதனால் மூலப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் இல்லாமல் மேசைக்கு வராதீர்கள். இந்தக் குடும்பத்தில் அப்பா பெயரில் கிரயப் பத்திரம் இருந்தது. ஆளுக்கு ஐந்தில் ஒன்று என்று முடிந்தது.

இரண்டாவது அமர்வில் சமரசர் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்தார். வெளியே எல்லோரும் "சமமாகப் பிரி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உள்ளே சொன்னது வேறு. மூத்தவருக்குப் போர்வெல் உள்ள வயல் கையை விட்டுப் போகக் கூடாது. இளையவருக்கு வயலே வேண்டாம். வயதான காலத்தில் வந்து இருக்க வீடு போதும். சின்ன மகளுக்குப் பணம். பெரிய மகளுக்கு வயல், ஆனால் தண்ணீர் வரும் வயல். அம்மா சொன்னது ஒன்றுதான்: "சாகும்வரை இந்தத் திண்ணையில் இருக்க வேண்டும், யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது." எந்தத் தீர்ப்பாலும் கொடுக்க முடியாத பிரிவினை இது. நீதிமன்றம் ஐந்து பேருக்கும் ஆளுக்கு 3 மா அளந்துவிட்டு வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோயிருக்கும்.

மூன்றாவது அமர்வில் விலை. மேல் வயல் மா 6 லட்சம், கீழ் வயல் மா 4 லட்சம், வீடும் கொல்லையும் 22 லட்சம் என்று ஒப்புக்கொண்டார்கள். 54-உம் 24-உம் 22-உம் சேர்த்து ஒரு கோடி. ஆளுக்கு 20 லட்சம். போர்வெல் செலவைத் தனியாகக் கழிக்க மூத்தவர் கேட்டார். பன்னிரண்டு வருட மகசூலுக்குக் கணக்கு கேட்போம் என்றார் சின்ன மகள். இரண்டையும் விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. இது நடக்காத சமரசமே இல்லை.

மூத்தவருக்கு மேல் வயலில் போர்வெல்லோடு 6 மா, கீழே 1 மா: 40 லட்சம். கூடுதலான 20 லட்சத்தை அவர் சின்ன மகளுக்குப் பணமாகத் தர வேண்டும். பெரிய மகளுக்கு மேல் வயலில் 3 மா: 18 லட்சம். இளையவருக்கு வீடு: 22 லட்சம், அவர் பெரிய அக்காவுக்கு 2 லட்சம் தருவார். அம்மாவுக்குக் கீழ் வயலில் 5 மா: சரியாக 20 லட்சம். வீட்டில் ஆயுள் முழுக்கக் குடியிருக்கும் உரிமையும் அம்மாவுக்கு. இது இளையவர் மனமுவந்து கொடுத்தது. அதற்கு விலை போடவில்லை.

சமரசத்தில் என்னென்ன எழுதாமல் விட்டால் பின்னால் சண்டை வரும்?

தண்ணீரும் வழியும்தான் முதலில். அம்மாவின் 5 மா மூத்தவர் வயலைத் தாண்டித்தான் பாயும். இன்று மகன் மடையைத் திறப்பார். நாளை அவரிடம் வாங்குகிறவர் திறப்பாரா? "மேல் வயல் எண் இன்னதின் கிழக்கு வரப்பு ஓரமாக உள்ள பாய்ச்சல் காலில் கீழ் வயலுக்குத் தண்ணீர் விட வேண்டும்" என்று எழுத வேண்டும். அறுவடை இயந்திரம் போக எத்தனை அடி வழி என்றும் எழுத வேண்டும். மேட்டூர் தாமதமாகத் திறந்த வருடத்தில் போர்வெல் தண்ணீர் பெரிய மகளின் 3 மாவுக்கு உண்டா, உண்டென்றால் மின்கட்டணம், பழுதுச் செலவு யாருடையது, இணைப்பு யார் பெயருக்கு மாறும்? நான் பார்த்த மீள்வழக்குகளில் பங்கு விகிதத்தில் தகராறு குறைவு, வரப்பில்தான் அதிகம்.

அடுத்தது பணம். மூத்தவரிடம் 20 லட்சம் கையில் இல்லை. சம்பா அறுவடை முடிந்து நெல் போட்ட பிறகே பணம் வரும் என்பதால் மாசி மாதத்தை ஒட்டி 8, 6, 6 லட்சமாக மூன்று வருடம் என்று எழுதினோம். தவணை தவறினால் வட்டி எவ்வளவு என்றும் எழுதினோம். அதைவிட முக்கியமாக, முழுப் பணம் தீரும்வரை மூத்தவருடைய 4 மா மேல் வயல் சின்ன மகளின் பணத்துக்கு ஈடாக நிற்கும், அதுவரை அதை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று சேர்த்தோம். அந்த வரி இல்லாவிட்டால் சின்ன மகளிடம் இருப்பது வெறும் வாக்குறுதி.

அம்மாவின் நிலத்தை மூத்தவர் சாகுபடி செய்து வருடத்துக்கு மாவுக்கு மூன்று மூட்டை வீதம் 15 மூட்டை நெல் தருவார் என்று பேசினார்கள். அவர்கள் எழுதிவந்த வரைவில் "குத்தகை" என்று இருந்தது. அடித்துவிட்டேன். 1955-ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அந்தச் சொல் எழுத்தில் விழுந்தால் நாளை அம்மாவின் பங்கை வாங்கும் மகளுக்கு எதிராக அண்ணன் குத்தகைதாரராக நிற்கக்கூடும். தாயின் சார்பில் மகன் பார்த்துக்கொள்வது என்று எழுதினோம்.

கடைசியாக, வரைபடம். "வடபுறம் 3 மா" என்று மட்டும் எழுதினால் சர்வேயர் வந்து எந்த வரப்பிலிருந்து அளப்பது என்று கேட்பார். புலப்பட நகலில் கோடு போட்டு, ஹெக்டேரிலும் ஏர்ஸிலும் அளவு எழுதி, எல்லோரும் அந்தப் படத்திலும் கையெழுத்துப் போடுங்கள். மா, குழி பேச்சில் இருக்கட்டும். பட்டாவில் அவை இல்லை.

போலீஸ் ஸ்டேஷனில் பேசி எழுதிக் கொடுத்தால் செல்லுமா?

பாகப் பிரிவினையாகச் செல்லாது. ஊர்ப் பஞ்சாயத்துத் தாளுக்கும் இதே கதி. அங்கே பேசி மனம் ஒத்திருந்தால் நல்லதுதான். அதே ஏற்பாட்டைப் பதிவுப் பத்திரமாகவோ தீர்ப்பாணையாகவோ மாற்றிக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போட்ட பிறகு மனம் மாறினால்?

மக்கள் நீதிமன்றத் தீர்வுக்கு மேல்முறையீடு இல்லை. மோசடி, ஆள்மாறாட்டம் போன்ற மிகச் சில காரணங்களுக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு மட்டும் போடலாம். "அப்போது விலை தெரியவில்லை" என்பது அந்தக் காரணங்களில் வராது. ஆகவே கையெழுத்துக்கு முன் வரைவை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்துப் படியுங்கள். அன்றே போட்டாக வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால் போடாதீர்கள். அடுத்த அமர்வு இருக்கிறது.

தீர்ப்பாணை கைக்கு வந்துவிட்டது. பட்டா தானாக மாறுமா?

மாறாது. பிரிவினைத் தீர்ப்பாணையும் முத்திரைச் சட்டத்தின்படி ஒரு பாகப் பிரிவினை ஆவணம்தான். அதை முத்திரைத் தாளில் எழுதி வாங்க வேண்டும். குடும்பத்துக்குள் நடக்கும் பிரிவினைக்கு உச்சவரம்பு இருப்பதால் தொகை பயப்படும்படி இருக்காது. அன்றைய அளவைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு மாதத்துக்குள் அங்கேயே பதிவும் செய்துவிடுங்கள். அப்போதுதான் வில்லங்கச் சான்றில் ஏறும். சின்ன மகளின் பணத்துக்கு அந்த வயல் ஈடாக நிற்பதும் நிலம் வாங்க வருகிறவர் கண்ணில் படும். பிறகு உட்பிரிவு கேட்டுப் பட்டா மாற்ற மனு. சர்வேயர் வரும் நாளில் ஐந்து பேரும், முடியாவிட்டால் ஒவ்வொருவர் சார்பிலும் ஒருவராவது, வயலில் இருங்கள். குறுவை நடவுக்கு முன் வயல் காய்ந்து கிடக்கும் சித்திரை, வைகாசியில் அளந்துவிட்டால் கல் நடுவதும் எளிது. தண்ணீர் வந்த பிறகு கூப்பிட்டால் அறுவடை முடியட்டும் என்றுதான் பதில் வரும்.